அப்பா என்ற விருந்தாளி
ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதிய பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

'எங்கள் வீடு' என்ற தலைப்பில் நீங்கள் எழுதிக் கொடுத்த 41 கட்டுரைகளையும் இரண்டு முறை படித்துவிட்டேன். முதல் முறை கையில் சிவப்புப் பேனா இருந்தது. இரண்டாம் முறை அதை மூடி வைத்துவிட்டுப் படித்தேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது பலருடைய பக்கங்களில் ஒரே மாதிரியான கோடுகள் இருந்ததைக் கவனித்திருப்பீர்கள். 'அம்மா ஒரு தெய்வம்', 'அப்பா ஒரு தூண்', 'வீடு ஒரு கோயில்', 'பாட்டி ஓர் ஆலமரம்' என்று வந்த இடங்களையெல்லாம் அடித்திருந்தேன். மறுநாள் காலை உங்களில் ஒருத்தி, அடிபட்ட தாளின் பின்பக்கத்தில் இப்படி எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்: "உருவகம் போட்டு எழுதுங்கள் என்றீர்கள். போட்டால் அடிக்கிறீர்கள். நேராகச் சொன்னாலே புரிகிற விஷயத்துக்கு உருவகம் எதற்கு, மிஸ்?"

நியாயமான கேள்வி. அன்று வகுப்பில் நின்றுகொண்டே நான் சொன்ன பதில் நியாயமாக இல்லை. "உருவகம் எழுத்துக்கு அழகு சேர்க்கும்" என்றேன். முப்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பதில் அது, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தபோது வெட்கமாக இருந்தது. அழகு சேர்ப்பதற்குத்தான் என்றால் அந்தப் பெண் கேட்டதுதான் சரி. நகையைக் கழற்றி வைத்துவிட்டும் வெளியே போகலாம், ஆள் அதே ஆள்தான். நாம் இதை 'அணி' என்று அழைப்பதே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றிவிடுகிறது. அணி என்றால் நகை, மேலே பூட்டுவது, வேண்டாமென்றால் கழற்றுவது. ஆனால் நல்ல உருவகத்தைக் கழற்றினால் கூடவே சதையும் வந்துவிடும். எப்படி என்று உங்கள் கட்டுரைகளில் ஒன்றை வைத்தே காட்டுகிறேன். எழுதிய பையனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் சொல்லக் கூடாது என்றான், சொல்லமாட்டேன்.

அவனுடைய கட்டுரை இப்படித் தொடங்குகிறது: "எங்கள் வீட்டில் நான்கு பேர். அப்பா விருந்தாளி."

அவனுடைய அப்பா லாரி ஓட்டுபவர். நம் நாமக்கல் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை, உங்களில் ஆறேழு பேர் வீட்டில் இதே கதைதான். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்ப இருபது நாளோ ஒரு மாதமோ ஆகும். அவனுடைய நோட்டில் முதலில் எழுதி அடித்த வரிகளையும் பார்த்தேன். "அப்பா லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். அவர் இருக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்." இதில் ஒரு பொய்யும் இல்லை, ஒரு பிழையும் இல்லை. படித்தால் மூன்று செய்தி கிடைக்கிறது. மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம்.

'அப்பா விருந்தாளி' என்ற இரண்டு சொல்லைத் தாண்டித்தான் என்னால் போக முடியவில்லை. ஒரு தாளை எடுத்து, வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்னென்ன நடக்கும் என்று எழுதிப் பார்த்தேன். பரணில் இருக்கும் நல்ல தட்டு கீழே இறங்கும். அக்காவும் தம்பியும் சண்டையை நிறுத்துவார்கள். டிவி சத்தம் குறையும். அம்மா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்வாள், அப்பளம் பொரிப்பாள், 'இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க' என்பாள். வந்தவர் துண்டு எங்கே இருக்கிறது, சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பார். அவருடைய பை உள்ளே போகாமல் வாசற்கதவுப் பக்கத்திலேயே இருக்கும். வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு, 'எத்தனாவது படிக்கிறே?' என்பார். போகும்போது எல்லாரும் வாசல் வரைக்கும் வருவார்கள். போன பிறகு வீடு கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும். கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கும்.

இப்போது இந்தப் பட்டியலில் 'வந்தவர்' என்ற இடத்தில் அப்பாவை வைத்துப் படியுங்கள்.

'எத்தனாவது படிக்கிறே?' என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தப் பையன் இதை எழுதவே இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். தட்டு, அப்பளம், பை, துண்டு எதையும் அவன் எழுதவில்லை. அவன் கொடுத்தது ஒரே ஒரு சொல். மீதி எல்லாவற்றையும் நான் என் வீட்டிலிருந்து, என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடமிருந்து எடுத்துப் போட்டேன். உங்களில் யாராவது படித்திருந்தால் உங்கள் வீட்டு விருந்தாளி வந்திருப்பார். ஆனால் ஆளுக்கொன்றாக எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. விருந்தாளிக்கு வாசலில் கோலம் போடுவது என் நினைவுக்கு வந்தது, ஆனால் இந்த வீட்டுக்கு அது பொருந்தவில்லை, தானாக உதிர்ந்துவிட்டது. லாரி ஓட்டும் அப்பாவுக்கு எது பொருந்துமோ அதுதான் ஒட்டியது.

நேரான வாக்கியம் ஒரு செய்தியைச் சொல்லும். உருவகம் ஒரு வீட்டு நடப்பையே தூக்கிக்கொண்டு வந்து இன்னொரு வீட்டின் மேல் வைக்கும். விருந்தாளி என்பவர் தனி ஆள் இல்லை. அவரைச் சுற்றி உபசரிக்கிற அம்மா இருக்கிறாள், அடங்கி உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், வருகிற நாள், போகிற நாள் எல்லாம் இருக்கின்றன. அப்பாவை அந்த இடத்தில் உட்காரவைத்த உடனே மற்றவர்களும் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அம்மா விருந்தோம்புகிறவளாக மாறிவிட்டாள். அவளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே!

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பட்டியலின் கடைசியில் 'நிம்மதி' என்று எழுதினேனே, அதைப் பாருங்கள். "அப்பா லாரி ஏறிப் போனதும் எனக்கு நிம்மதியாக இருக்கும்" என்று பதினைந்து வயசுப் பையன் எழுதுவானா? எழுதினால் வீட்டில் என்ன ஆகும்? தவிர, அப்படி எழுதினால் அது முழு உண்மையும் ஆகாது, ஏனென்றால் அப்பா போனதும் வீடு வெறிச்சோடிப்போவதும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிற மனசை எந்த நேரான வாக்கியத்தில் அடைப்பது? 'நிம்மதியாகவும் இருக்கும், ஏக்கமாகவும் இருக்கும்' என்று எழுதலாம். அது தராசில் இரண்டு தட்டுப் போட்டு நிறுத்தின மாதிரி இருக்கும். விருந்தாளி என்ற சொல்லுக்குள் அந்த இரண்டும் ஏற்கெனவே கலந்தே கிடக்கின்றன. பாலையும் தண்ணீரையும் பிரிக்கவேண்டிய வேலை அவனுக்கு இல்லை.

இதுவரைக்கும் பொருந்துகிற இடங்களைச் சொன்னேன். பொருந்தாத இடம்தான் என்னை அதிகம் படுத்தியது. விருந்தாளி வாடகை கொடுப்பாரா? விருந்தாளி உங்கள் ஸ்கூல் ஃபீஸைக் கட்டுவாரா? விருந்தாளிக்குப் பொரித்த அப்பளத்துக்கு எண்ணெய் வாங்கின காசு யாருடையது? இந்த வீட்டில் எல்லாமே அந்த விருந்தாளியின் காசு. வீட்டுக்காகத்தான் அவர் வீட்டில் இல்லாமல் இருக்கிறார். உருவகம் நூற்றுக்கு நூறு பொருந்தியிருந்தால் 'ஆமாம், சரி' என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். பத்து இடத்தில் பொருந்தி, முக்கியமான ஓரிடத்தில் பொருந்தாமல் நின்றதால்தான் வலித்தது. எழுதும்போது பொருந்தாத இடத்தை ஒளிக்கப் பார்க்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்து வைத்திருங்கள்.

இலக்கணத்தில் நீங்கள் படித்த ஒன்றை இங்கே இழுக்கிறேன், கோபிக்கக் கூடாது. 'மலர்முகம்' என்றால் உவமைத்தொகை, 'முகமலர்' என்றால் உருவகம் என்று மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். இரண்டு சொல்லை இடம் மாற்றிப் போட்டதற்கு இரண்டு பெயரா என்று நானும் உங்கள் வயசில் சலித்திருக்கிறேன். மலர்முகத்தில் முகம் முகமாகவே இருக்கிறது, மலர் பக்கத்தில் நின்று அதன் மென்மையைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முகமலர் என்றதும் முகம் மலராகவே ஆகிவிட்டது. இனி அது விரியலாம், வாடலாம், உதிரலாம். மலர் செய்கிற காரியத்தையெல்லாம் முகம் செய்தாக வேண்டும்.

பையனின் வரியிலும் இதே கதைதான். "அப்பா விருந்தாளி போல வந்துபோவார்" என்று எழுதியிருந்தால், எதில் விருந்தாளி என்ற கேள்விக்கு அவனே பதில் சொல்லிவிட்டான். வந்துபோவதில். நாமும் அங்கேயே நின்றுவிடுவோம். 'அப்பா விருந்தாளி' என்றபோது எதில் என்று சொல்லவில்லை. தேடிப் பார்க்கும் வேலை நம் தலையில் விழுந்தது.

அதற்காக 'போல' மட்டமான சொல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சங்கக் கவிஞர்கள் 'போல' என்று சொல்லியே மேலே சொன்ன எல்லாக் காரியத்தையும் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அதனால் அவர் பாட்டில் சொன்ன உவமையையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்: ஓரேருழவனார். இப்படி உவமையால் பெயர் பெற்றவர்கள் சங்க இலக்கியத்தில் பலர் உண்டு. செம்புலப்பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார், கல்பொரு சிறுநுரையார். ஆள் போய்விட்டார், ஊர் போய்விட்டது, பெயரும் போய்விட்டது, அவர் கண்ட ஒரு காட்சி மட்டும் இருக்கிறது.

ஓரேருழவனாரின் பாட்டு குறுந்தொகையில் 131ஆவது. வேலைக்காக வெளியூர் போன ஒருவன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறான். அவன் காதலி இருக்கும் ஊர் தொலைவில் இருக்கிறது. நெஞ்சு பரபரக்கிறது. எப்படிப் பரபரக்கிறது என்றால், மழை பெய்து ஈரம் பட்ட நிலத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஏர் மட்டும் உள்ள உழவன் மாதிரி. அவ்வளவுதான் பாட்டு.

உங்களில் மானாவாரி நிலம் உள்ளவர்கள் வீட்டுத் தாத்தாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், விளக்கவே வேண்டியிருக்காது. டிராக்டர் பார்த்து வளர்ந்த மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மழை பெய்த உடனே ஏர் பூட்ட முடியாது. சேறு கொழுவில் அப்பிக்கொள்ளும், மாடு கால் புதையும். மண் கொஞ்சம் உலர்ந்து, கையில் எடுத்தால் உதிர்கிற பதம் வரவேண்டும். அந்தப் பதம் வந்த பிறகு நாளைக் கடத்தினால் வெயில் குடித்துவிடும். மண் இறுகிவிடும், கொழு இறங்காது, இறங்கினாலும் கட்டி கட்டியாகப் பெயரும். நடுவில் இருப்பது சில நாள்தான். ஒரு ஜோடி மாடும் ஒரு ஏரும் ஒரு நாளில் ஒரு ஏக்கரைத் தாண்டுவது அபூர்வம். வெயில் ஏறினால் மாட்டை அவிழ்த்தாகவும் வேண்டும். பக்கத்துக் காட்டில் நாலு ஏர் வைத்திருப்பவர் கவலைப்படமாட்டார். இவரிடம் ஒன்றுதான்.

"எனக்கு மிகவும் அவசரமாக இருக்கிறது" என்ற நேர் வாக்கியத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும் அவசரம்தான், ஆனால் அவன் இன்னும் வேகமாக ஓடலாம். ஒற்றை ஏர்க்காரனால் அது முடியாது. மாடு நடக்கிற நடைதான் அவன் வேகம். அடித்து விரட்டினால் சால் கோணும், மாடு படுத்துவிடும். காய்ந்துகொண்டே போகிற நிலத்தை ஒவ்வொரு சாலிலும் கண்ணால் பார்த்துக்கொண்டே, அதே மெதுவான நடையில் அவன் நடந்தாக வேண்டும். அவசரப்பட்டும் பயனில்லாத அவசரம் இது. தமிழில் இந்த அவசரத்துக்குத் தனியாக ஒரு சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சொல் இல்லாத இடத்தில்தான் அந்தக் கவிஞர் ஒரு வயலைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்தக் காதலனுக்கும் அந்த உழவனுக்கும் உருவத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவனிடம் மாடு இல்லை, இவனிடம் காதலி பற்றிய பேச்சு இல்லை. ஒற்றுமை இருப்பது அவர்கள் மாட்டிக்கொண்டிருக்கும் நிலைமையில். காய்ந்துகொண்டிருக்கும் ஒன்று, அதற்கும் தனக்கும் நடுவில் தூரம், கூட்ட முடியாத வேகம். 'கண் மீன் மாதிரி', 'பல் முத்து மாதிரி' என்று வடிவத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுவது சுலபம், சீக்கிரம் தீர்ந்தும் போகும். இரண்டு நிலைமைகளை ஒப்பிட்டால் யோசிக்க யோசிக்க வந்துகொண்டே இருக்கும்.

இனி அடித்த கோட்டுக்கு வருகிறேன். 'அம்மா ஒரு தெய்வம்' என்று 17 பேர் எழுதியிருந்தீர்கள். அதில் தப்பு என்ன? தப்பு இல்லை. தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். உருவகங்கள் தேய்வது குற்றமில்லை, தேய்ந்துதான் மொழி உண்டாகிறது. 'கடனை அடைத்தான்' என்கிறோம். அடைப்பது என்றால் ஓட்டையை மூடுவது. யாரோ ஒருவர் எப்போதோ கடனை ஓட்டைப் பானையாகக் கண்டிருக்கலாம். நமக்கு இப்போது பானையும் தெரியவில்லை, ஓட்டையும் தெரியவில்லை, பணம் திருப்பிக் கொடுத்தது மட்டும் தெரிகிறது. ஊசிக்குக் காது இருக்கிறது, சீப்புக்குப் பல் இருக்கிறது, பானைக்குக் கழுத்து இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் ஊசியின் அதே ஓட்டையைக் கண் என்கிறார்கள். நாம் ஏன் காது என்றோம்? குழந்தைக்குக் காது குத்துகிற ஊர் என்பதாலோ என்று எனக்கு ஒரு எண்ணம், நிச்சயமாகச் சொல்ல முடியாது. இவற்றையெல்லாம் யாரும் உருவகம் என்று நினைத்துப் பேசுவதில்லை. அதனால் அவை கெட்டும் போகவில்லை, நேரான சொற்களாகவே ஆகி உழைத்துக்கொண்டிருக்கின்றன.

சங்கடம் நடுவில் இருப்பவற்றோடுதான். 'அம்மா தெய்வம்' ஊசிக்காது மாதிரி முழுசாகத் தேய்ந்து சொல்லாகவும் ஆகவில்லை, விருந்தாளி மாதிரி உயிரோடும் இல்லை. எழுதுகிறவர் எதையோ பெரிதாகச் சொன்னதாக நினைக்கிறார், படிக்கிறவர் கண்ணில் எதுவும் படுவதில்லை. 17 வீட்டிலும் ஒரே அம்மாவா இருந்தாள்? ஒருத்தி அம்மா கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறாள், ஒருத்தி அம்மா டைலர், ஒருத்தி அம்மா பேங்கில் இருக்கிறாள். 'தெய்வம்' என்றதும் மூன்று பேரும் ஒரே காலண்டர் படமாகிவிட்டார்கள்.

ஆனால் ஒன்று செய்து பார்த்தேன். விருந்தாளிக்குச் செய்த மாதிரியே, தெய்வத்துக்கு என்னென்ன நடக்கும் என்று எழுதினேன். தெய்வத்திடம் எல்லாரும் கேட்கத்தான் போகிறோம். நமக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. அது பதில் பேசாது. பரீட்சை நேரத்தில் ஞாபகம் வரும். விசேஷ நாளில் மட்டும் பூமாலையும் புதுச் சேலையும். இதுவரைக்கும் எழுதியபோதே கொஞ்சம் உறுத்தியது. அடுத்தது: மத்தியானம் நடை சாத்துவார்கள், தெய்வத்துக்கு ஓய்வு உண்டு. அம்மாவுக்கு? படையல் முதலில் தெய்வத்துக்கு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்கு. அம்மா வீட்டில் எப்போது சாப்பிடுகிறாள்?

பாருங்கள், செத்துப்போனதாக நான் அடித்த வரிக்கு உயிர் வந்துவிட்டது. 'எங்கள் அம்மா தெய்வம்தான், ஆனால் படையல் கடைசியில்' என்று அந்த 17 பேரில் ஒருவர் எழுதியிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கவே மாட்டேன். தேய்ந்த உருவகத்தைத் தூக்கி எறிவது ஒரு வழி. அதன் உள்ளே போய் யாரும் கால் வைக்காத மூலையைப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதற்கு அதிக நேரம் பிடிக்கும். இன்னொன்று, அங்கே நீங்கள் பார்க்க விரும்பாத எதையாவது பார்த்தும் தொலைக்கலாம்.

தவறாகப் போன சில இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் எழுதியிருந்தார்: "வறுமை என்னும் தீ எங்களை மூழ்கடித்தபோது, அம்மா என்னும் தூண் துடுப்புப் போட்டுக் கரைசேர்த்தது." இதைப் படமாக வரையச் சொன்னால் நம் ஓவிய ஆசிரியர் மருத்துவ விடுப்பில் போய்விடுவார். தீ மூழ்கடிக்காது, தூணுக்குக் கை கிடையாது. ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு மேடையிலிருந்து வாங்கி வந்தது, ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஆனால் 'கடன் கழுத்தை நெரிக்குது, எப்படியாவது அடைக்கணும்' என்று உங்கள் வீட்டில் பேசினால் அதில் கோளாறு எதுவும் தெரியாது. இரண்டும் நன்றாகத் தேய்ந்தவை என்பதால் கண்ணில் படம் விரிவதில்லை. 'என்னும் தீ', 'என்னும் தூண்' என்று தட்டி எழுப்பிவிட்டால் பிறகு அது நடந்தாக வேண்டும். சந்தேகம் வந்தால் கண்ணை மூடி அந்தக் காட்சியைப் பாருங்கள். சிரிப்பு வந்தால் திருத்துங்கள்.

இன்னொரு தாளில், "பாட்டியின் முகச் சுருக்கங்கள் நதிகளின் வரைபடம்" என்று இருந்தது. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் ஓரத்தில் டிக் போட்டேன். இரண்டாம் முறை படித்தபோது, எந்த நதி, எங்கே போகிறது என்று தேடினேன், எதுவும் கிடைக்கவில்லை. உலகத்தில் உள்ள எல்லாப் பாட்டிகளுக்கும் அதை ஒட்டலாம். அதே கட்டுரையின் நான்காவது பத்தியில் அந்தப் பெண், பாட்டி வெற்றிலைப் பையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவதையும், அதற்குள் வெற்றிலையைவிட மாத்திரைச் சீட்டுகள் அதிகம் இருப்பதையும் நேராக எழுதியிருந்தாள். அதில் உருவகமே இல்லை. அந்தப் பாட்டியை நான் பார்த்துவிட்டேன். நதியை எடுத்துவிட்டுப் பையை முதல் வரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, உருவகம் எப்போதும் வென்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. தெருக்குழாயில் எட்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று பஞ்சாயத்துக்கு மனு எழுதினால் 'எட்டு நாள்' என்றே எழுதுங்கள். அங்கே 'வறண்ட தொண்டையாய் நிற்கும் குழாய்' என்று எழுதினால் படிக்கிற அதிகாரிக்கு எத்தனை நாள் என்று தெரியாது. மருத்துவரிடம் வலி எங்கே, எப்போதிலிருந்து என்று நேராகத்தான் சொல்லவேண்டும், பிறகு வேண்டுமானால் 'ஊசி குத்துற மாதிரி' என்று சேர்க்கலாம். அந்த ஊசி மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

உங்கள் அறிவியல் பாடத்திலும் ஓர் உருவகம் உட்கார்ந்திருக்கிறது. 'மின்னோட்டம்' என்கிறோம். ஓட்டம் தண்ணீருடையது. குழாயில் ஓடும் தண்ணீரை வைத்து யோசித்தால் மின்னழுத்த வேறுபாடும் மின்தடையும் சட்டென்று புரியும். மேல்தொட்டி உயரமாக இருந்தால் தண்ணீர் வேகமாக வரும், குழாய் குறுகலாக இருந்தால் குறைவாக வரும். ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும், மின்சுற்றை வெட்டினால் ஓட்டம் நின்றுவிடும். இங்கே உருவகம் கைவிடுகிறது. கைவிடுவது தெரியாமல் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் ஆபத்து. அறுந்த குழாயில் தண்ணீரெல்லாம் கொட்டித் தீர்ந்து காலியாகிவிடும். அறுந்து தொங்கும் மின்கம்பி காலியானது இல்லை. உங்கள் உடம்பு வழியாகத் தரைக்கு வழி கிடைத்தால் அந்த நொடியே ஓடும். கட்டுரையில் பொருந்தாத இடம் வலியைக் கொடுக்கும், படிப்பவருக்கு அது வேண்டும். அறிவியலில் அதே இடத்தில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். ஆசிரியர் அந்த இடம் வந்ததும் "இனிமேல் தண்ணீரை மறந்துடுங்க" என்று சொல்வது அதற்காகத்தான்.

பின்பக்கத்தில் கேள்வி எழுதிய பெண்ணுக்கு: உன் கட்டுரையில் நான் அடித்த 'தூண்' என்ற சொல்லுக்குப் பதிலாக வேறு உருவகம் தேடவேண்டாம். உன் அப்பா கரண்ட் போனால் முதலில் தாத்தாவுக்கு விசிறி எடுத்துக் கொடுப்பார் என்று கீழே எழுதியிருக்கிறாயே, அது போதும். தூணை எடுத்துவிட்டு அப்படியே அனுப்பு.

கடைசியாக விருந்தாளிக் கட்டுரை. அந்தப் பையன் 'அப்பா விருந்தாளி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் "அதாவது அவர் அடிக்கடி வீட்டில் இருக்கமாட்டார் என்பதால் அப்படிச் சொல்கிறேன்" என்று சேர்த்திருந்தான். அந்த வரியை மட்டும் அடித்தேன். காரணத்தை அவனே சொல்லிவிட்டால் தட்டும் அப்பளமும் வாசலோரத்துப் பையும் நம் கண்ணுக்கு வராது. நான் அடித்ததைப் பார்த்துவிட்டு அவன் கொஞ்ச நேரம் நின்றான். "மிஸ், இந்த மலர் வீட்டுக்கு வரும். அப்பா படிப்பாரே" என்றான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. படித்துக் காட்டிவிட்டு வா, அவர் வேண்டாம் என்றால் போடவேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பா நாக்பூர் பக்கம் ஏதோ ஒரு டாபாவில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் செய்திருக்கிறார். இவன் வாசித்துக் காட்டியிருக்கிறான். 'அப்பா வீட்டிலேயே இருப்பதில்லை' என்று அவன் இதற்கு முன்னால் நேராகச் சொன்னபோதெல்லாம், "எதுக்காக ஓடறேன், உங்களுக்காகத்தானே" என்று அவர் சத்தம் போட்டிருக்கிறார். இந்தத் தடவை சத்தம் வரவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லையாம், லைன் போய்விட்டதோ என்று பார்த்திருக்கிறான்.

அப்புறம் சொன்னாராம்: "சரி கண்ணு, போடச் சொல்லு. விருந்தாளின்னா வெறுங்கையோட வரக்கூடாதில்ல? வரும்போது ஆரஞ்சு வாங்கிட்டு வரேன்."

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை

பி.கு.: திருத்திய படிகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொடுங்கள். அச்சகத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.